கிட் பெட்டிக்குள் மடித்த தாள்

புதுக் கிட் வந்ததும் ரீஏஜென்ட் பாட்டில்களை ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போடுவது எங்கள் தொழிலில் ஊறிப்போன கெட்ட பழக்கம். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் சின்ன லேபுக்கு டிஎம்எல்டி முடித்து வரும் பிள்ளைகளை, ஊசியைத் தொடும் முன்பே அந்தத் தாளை விரித்து உட்கார வைத்துவிடுவேன். பொடிப்பொடி எழுத்து, படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். அதன் அடியில் நார்மல் வேல்யூ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ரிபோர்ட்டில் நாம் அளந்த எண்ணுக்குப் பக்கத்தில் அச்சாகும் இரண்டு எண்கள் அங்கிருந்துதான் வருகின்றன. நோயாளியின் கண் முதலில் போவதும் அங்கேதான். எண்ணுக்குப் பக்கத்தில் 'எச்' என்று தடித்த எழுத்து விழுந்திருந்தால், டாக்டரைப் பார்க்கும் முன்பே முகம் வாடிவிடும்.

எல்லா டெஸ்ட்டையும் பேச இடமில்லை. ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: அல்கலைன் பாஸ்பேட்டேஸ், லேபில் நாங்கள் சொல்வது ஏஎல்பி. ஈரல் டெஸ்ட் எழுதினால் பிலிருபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியோடு இதுவும் கூடவே வரும். பித்தக்குழாய் அடைபட்டால் இது ஏறும். ஆனால் இது ஈரலுக்கு மட்டும் சொந்தமான என்சைம் இல்லை. எலும்பை உருவாக்கும் செல்களும் இதைச் சுரக்கின்றன, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. இதனால்தான் வரம்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல டெஸ்ட் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பையனின் ரிபோர்ட்டைச் சொல்கிறேன். வயது 13. நான்கு நாள் காய்ச்சல், கூடவே வாந்தி. வேறொரு லேபில் எடுத்த ரிபோர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அவன் அம்மாவும் பாட்டியும் வந்திருந்தார்கள். பிலிருபின் 0.6, எஸ்ஜிஓடி 28, எஸ்ஜிபிடி 22. எல்லாம் சுத்தம். ஏஎல்பி மட்டும் 354, பக்கத்தில் 40–129 என்று அச்சாகி, ஒரு 'எச்'. "மஞ்சக்காமாலைன்னு சொல்றாங்க தம்பி, பத்தியம் போட்டாச்சு" என்றார் பாட்டி. பையனைப் பார்த்தேன். அரும்பு மீசை, கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும் பேன்ட். மறுபடி ரத்தம் எடுத்து நாங்களும் போட்டுப் பார்த்தோம். ஒரு மில்லி ரீஏஜென்ட்டில் 20 மைக்ரோலிட்டர் சீரம், 37 டிகிரி, 405 நானோமீட்டர் ஃபில்டர். மஞ்சள் நிறம் ஏற ஏற நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங். நிமிடத்துக்குச் சராசரியாக 0.130 ஏறியது. அந்தக் கிட்டின் ஃபேக்டர் 2,720. பெருக்கினால் 354. முதல் லேபின் எண்ணில் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் வரம்பில். 40–129 என்பது வளர்ந்து முடிந்த ஆண்களுக்கு உரியது. பருவம் எய்தும் வயதில் எலும்பு வேகமாக நீளும்போது பையன்களுக்கு இது 400ஐத் தொடுவதும் தாண்டுவதும் சகஜம். பெண் பிள்ளைகளுக்கு ஓரிரு வருடம் முன்பே ஏறி முன்பே இறங்கிவிடும். அந்த லேபின் சாஃப்ட்வேரில் ஏஎல்பிக்கு வயதுவாரியாக வரம்பு ஏற்றப்படவில்லை. யார் வந்தாலும் ஒரே கட்டம்தான். சந்தேகம் தீர ஜிஜிடி என்ற இன்னொரு என்சைமையும் டாக்டர் பார்க்கச் சொன்னார். பித்தக்குழாயில் கோளாறு என்றால் ஏஎல்பியோடு அதுவும் ஏற வேண்டும். எலும்பிலிருந்து வந்த ஏற்றம் என்றால் அது அசையாது. 18 வந்தது. கால்சியமும் பாஸ்பரஸும் வயதுக்குச் சரியாக இருந்தன. டாக்டர் பத்தியத்தை நிறுத்தச் சொல்லி அனுப்பினார். இதே 354 ஐம்பது வயதுக்காரருக்கு வந்திருந்தால் அன்றைக்கே ஸ்கேன் எழுதியிருப்பார்.

வயது தவறினால் வரும் குழப்பம் இப்படி. இது வீண் பயத்தோடு போய்விடும். முறை மாறினால் வரும் குழப்பம் இதைவிட மோசம், ஏனென்றால் அது நோயை மறைக்கும்.

ஏஎல்பிக்குச் சந்தையில் இரண்டு விதமான கிட்டுகள் உண்டு. இரண்டிலும் மஞ்சள் நிறம் தரும் பொருள் ஒன்றேதான், பஃபர் வேறு. ஒன்றில் ஏஎம்பி, மற்றதில் டிஇஏ. இந்த என்சைம் பாஸ்பேட்டைப் பிரித்தெடுத்ததும் அதைப் பஃபரின் கையில் கொடுக்கிறது. டிஇஏ சுறுசுறுப்பாக வாங்கிக்கொள்வதால் வேலை வேகமாக நடந்து, அதே சீரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு எண் வரும். அதற்கேற்ப வரம்பும் பெரிது. எங்களுக்கு வந்த ஒரு டிஇஏ கிட்டின் தாளில் பெரியவர்களுக்கு மேல்வரம்பு 306. ஏஎம்பி கிட்டில் ஆண்களுக்கு 129, பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு லேபில் வழக்கமான டிஇஏ கிட் டீலரிடம் ஸ்டாக் இல்லாமல் போய், வேறு கம்பெனியின் ஏஎம்பி கிட் வந்தது. மெஷினில் புது ஃபேக்டர் ஏற்றினார்கள். ரிபோர்ட் அடிக்கும் கம்ப்யூட்டரில் வரம்பு பழையபடி 306 என்றே நின்றது. சில வாரம் யாரும் கவனிக்கவில்லை. பிறகு வேலூரிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். அரிப்போடு வந்த ஓர் அம்மாவுக்கு பிலிருபின் 2.1, ஜிஜிடியும் அதிகம், ஸ்கேனில் பித்தக்குழாயில் கல். ஏஎல்பி மட்டும் 210, நார்மல் என்று உங்கள் ரிபோர்ட் சொல்கிறதே, எப்படி என்று கேட்டார்.

எங்கள் சீனியர் அன்றைக்கு வேலை செய்த விதத்தைத்தான் இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கிங்–ஆம்ஸ்ட்ராங் யூனிட்டில் ஏஎல்பி போட்ட தலைமுறை அவர். அந்த யூனிட்டில் பெரியவர்களுக்கு நார்மல் 3 முதல் 13 வரை. எண் மாறுவதைப் பார்த்து அவர் பதறியதே இல்லை. முதலில் கன்ட்ரோல் சீரம் போட்டார். கன்ட்ரோலோடு வரும் தாளில் ஏஎல்பிக்கு இரண்டு வரி உண்டு, பஃபருக்கு ஒன்று. டிஇஏ வரியோடு ஒப்பிட்டால் வந்த எண் பாதிதான். ஏஎம்பி வரியோடு கச்சிதமாகப் பொருந்தியது. ஆக மெஷின் சரி, ரீஏஜென்ட் சரி, 210 என்பதும் சரி. "எண்ணு சரியாத்தான் இருக்கு. பக்கத்துல நாம அடிச்சதுதான் பொய்" என்றார். கிட் மாறிய தேதியிலிருந்து ரெஜிஸ்டரைப் புரட்டி, 306க்குக் கீழே இருந்தாலும் புது வரம்பைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் திருத்திய ரிபோர்ட் அடித்து, டாக்டர்களுக்குப் போன் போட்டார். கூச்சப்படவில்லை.

இங்கே பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தினமும் கன்ட்ரோல் போடுகிறோம், வேலூர் சிஎம்சியின் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி துறை நடத்தும் வெளித் தர சோதனையில் சேர்ந்து அவர்கள் அனுப்பும் சாம்பிளை மாதாமாதம் போட்டு எண்ணை அனுப்புகிறோம், அதில் இது பிடிபடாதா? பிடிபடாது. கன்ட்ரோலும் சரி, வெளிச் சோதனையும் சரி, நம் எண்ணை அதே முறையில் செய்தவர்களின் எண்ணோடு ஒப்பிடுகின்றன. நாம் ரிபோர்ட்டில் அடிக்கும் வரம்பை அவை பார்ப்பதே இல்லை. எண் முழு மார்க் வாங்கும். ரிபோர்ட் தப்பாகப் போய்க்கொண்டிருக்கும்.

வரம்பைச் சோதிக்க வேறு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. ஆரோக்கியமான 20 பேரின் சீரத்தைப் புதுக் கிட்டில் போட வேண்டும். தாளில் உள்ள வரம்புக்கு வெளியே இரண்டு பேர் வரை விழுந்தால் அந்த வரம்பை எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ விழுந்தால் வேறு 20 பேர். மறுபடியும் அப்படியே என்றால் அந்த வரம்பு நம் ஊருக்கும் நம் மெஷினுக்கும் ஒத்துவரவில்லை. சொந்தமாக வரம்பு கட்ட குறைந்தது 120 பேர் வேண்டும், அது சின்ன லேபால் ஆகிற காரியமில்லை. இருவர் வெளியே விழலாம் என்பதற்குக் காரணம், வரம்பு என்பதே ஆரோக்கியமானவர்களில் நடுவில் நிற்கும் 95 சதவீதம் பேரை வைத்துப் போட்ட கோடு. நோயே இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் எப்போதும் அதற்கு வெளியேதான் நிற்பார்கள். ஃபுல் பாடி செக்கப் என்று முப்பது டெஸ்ட் எடுத்தவருக்கு ஒரு 'எச்' விழுந்தால் அதில் அதிசயமில்லை.

அந்த இருபது பேரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஷூ கம்பெனி ஆட்களுக்கு வருடாந்தர மெடிக்கல் செக்கப் நடக்கும்போது, கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு எடுப்போம். பத்தொன்பது வயதுப் பையன்களை விட்டுவிடுவேன், சிலருக்கு எலும்பு இன்னும் அடங்கியிருக்காது. கர்ப்பிணிகள் கூடாது. ஆறு மாதத்துக்குள் எலும்பு முறிந்தவர் கூடாது. சாம்பிள் காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். ஓ அல்லது பி பிளட் குரூப்காரர்கள் பலருக்குக் கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு குடலிலிருந்தும் ஏஎல்பி ரத்தத்தில் கலந்து எண்ணைச் சற்றே தூக்கும். மத்தியானம் பிரியாணியை முடித்துவிட்டு வந்து கையை நீட்டுகிறவர்கள் நிறைந்த ஊர் இது. நாங்கள் மறக்கக் கூடாது. ஈடிடிஏ டியூபிலிருந்து பிளாஸ்மாவை எடுத்து ஒப்பேற்றவும் கூடாது. அந்த மருந்து என்சைமுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்வதால் ஏஎல்பி அடிமட்டத்துக்குப் போய்விடும்.

இரண்டு லேப் ரிபோர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "போன மாசம் 205 இருந்துச்சு, இப்ப 97, மருந்து நல்லா வேலை செய்யுது" என்று சந்தோஷப்படுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு வரம்பையும் படித்துப் பார்த்தால் இரண்டும் நார்மல், எதுவும் குறையவில்லை. இதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை, வேலை நம்முடையது. கிட் மாறும் நாளில் பஃபர் பெயர், ஃபேக்டர், புது வரம்பு மூன்றையும் ரெஜிஸ்டரில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கம்ப்யூட்டரில் வரம்பை மாற்றியபின் ஒரு குழந்தை, ஓர் ஆண், ஒரு பெண் என மூன்று போலி ரிபோர்ட் அடித்து, மூன்றிலும் வேறு வேறு வரம்பு விழுகிறதா என்று பாருங்கள். வயது கேட்காமல் எந்தச் சாம்பிளையும் வாங்காதீர்கள். ஏஎல்பி எண்ணுக்குக் கீழே ஏஎம்பியா டிஇஏவா என்பதையும் அச்சிடுங்கள். அடுத்த ஊர் டாக்டருக்கு அது போதும்.