நெஞ்சுயரத்தில் ஒரு கருவேலங்கிளை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் கரிசல் சாலையோரங்களில் சீமைக்கருவேலம் எங்கும் உண்டு. அதன் கிளை தரையைத் தொடாமல் நெஞ்சுயரத்தில் தெருவுக்குள் நீண்டு நிற்கும். வெள்ளைக்குச்சியின் நுனி கல்லையும் குழியையும் கண்டுபிடித்துவிடும். இந்தக் கிளை அதற்குத் தட்டுப்படாது, முள் நேராக நெஞ்சில்தான் படும்.

அந்த இடைவெளியை அடைக்க வந்தவைதான் மீயொலிக் குச்சிகள். தில்லி ஐஐடி உருவாக்கிய ‘ஸ்மார்ட்கேன்’ 2014-இல் வெளிவந்தது. தயாரித்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். மடக்குக் குச்சியின் பிடியில் மாட்டும் கருவி அது. முழங்கால் முதல் தலை வரை எதிரே இருப்பதை அதிர்வால் சொல்லும். வெளியே நடக்க 3 மீட்டர், உள்ளே 1.8 மீட்டர் என்று இரண்டு எல்லைகள் அதில் உண்டு. அதே யோசனையை மலிவு சென்சாரை வைத்துத் தானே செய்து பார்க்கிறார் அருப்புக்கோட்டையில் செல்போன் பழுதுபார்க்கும் ஒரு இளைஞர். அவர் கடைக்கு நான் போனபோது, பார்வையில்லாத முன்னாள் நெசவாளி ஒருவர் குச்சியோடு உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, இது ஓயாம நடுங்குது. எதைன்னு நம்புறது?” என்றார் பெரியவர்.

இளைஞர் பதில் சொல்லாமல், கடைக்குப் பின்னாலிருந்த பொட்டலுக்கு அவரை அழைத்துப் போனார். சுற்றிலும் எதுவுமே இல்லை. ஆனாலும் குச்சி அதிர்ந்தது. காரணம் அங்கேயே பிடிபட்டது: சாய்த்துப் பிடித்த குச்சியில் சென்சார் கீழ்நோக்கி இருந்ததால், அது தரையைத்தான் ‘பார்த்துக்கொண்டிருந்தது’. ஒலி கூம்பாக விரியும் என்பதால், சற்றுச் சாய்ந்தாலே விளிம்பு தரையில் பட்டுவிடும். சென்சாரைச் சற்று மேல்நோக்கித் திருப்பிக் கட்டியதும் அதிர்வு நின்றது. குச்சி வாங்குகிறவர் முதலில் செய்து பார்க்க வேண்டிய சோதனை இதுதான்.

அடுத்தது, திடீரென வந்து போகும் பொய் எச்சரிக்கை. பேருந்தின் ஏர்பிரேக் சீறும்போது அதில் மீயொலியும் கலந்திருக்கும். அதைத் தன் எதிரொலி என்று சென்சார் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே ஒரு அளவை நம்பாமல், அடுத்தடுத்து மூன்று அளவுகள் ஏறக்குறைய ஒத்துப்போனால் மட்டுமே மோட்டாரை ஓட விட்டிருக்கிறார் இளைஞர். ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் 60 மில்லிநொடி. மூன்றுக்கும் சேர்த்து அரைநொடியில் பாதிகூட ஆகாது. நிதானமாக நடப்பவர் அதற்குள் ஒரு சாண் நகர்ந்திருப்பார், அவ்வளவுதான்.

தூரத்தை என்ன வைப்பது? 3 மீட்டர் என்றால் சாலையில் இரண்டு மூன்று நொடி அவகாசம் கிடைக்கும். ஆனால் கடைத்தெருவில் அந்த எல்லைக்குள் எப்போதும் யாராவது இருப்பார்கள், குச்சி விடாமல் அதிரும். “பஜாருக்குள்ள குறைச்சு வச்சுக்கோங்க அண்ணாச்சி” என்று ஒரு சுவிட்சைப் பெரியவரின் பெருவிரலுக்கு அடியில் வைத்துக் கொடுத்தார் இளைஞர்.

பீப் ஒலியை அவர் வைக்கவே இல்லை. வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்க வேண்டிய காதை அது அடைத்துக்கொள்ளும். பழைய செல்போனின் அதிர்வு மோட்டாரே போதும். ஆனால் அதிர்வின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது பயன்படவில்லை. பேட்டரி இறங்கினால் வேகமும் இறங்கும், உள்ளங்கைக்கும் அந்த வித்தியாசம் எளிதில் பிடிபடாது. இடைவெளியை மாற்றினால் பிடிபடுகிறது. தூரத்தில் இருந்தால் விட்டுவிட்டு, நெருங்கினால் அடுத்தடுத்து. இடையில் அமைதி இருக்க வேண்டியதற்கு வேறு காரணமும் உண்டு. குச்சி நுனி தரையில் உரசும் அதிர்வும் அதே பிடி வழியாகத்தான் கைக்கு வருகிறது. மோட்டார் ஓயாமல் ஓடினால், மண்ணா சிமெண்டா என்பதே தெரியாமல் போகும்.

கடைசியில் கருவேலங்கிளைக்கு வந்தோம். அட்டைப்பெட்டியைத் தொலைவிலேயே சொன்ன குச்சி, கிளையை மிக நெருங்கிய பிறகுதான் சொன்னது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதைவிட மெல்லிய சுள்ளியும் இலையும் திருப்பியனுப்பும் ஒலி மிகக் குறைவு. தெருவில் நீட்டிய பாவு இன்னும் மோசம்: கிடையாக விரிந்த மெல்லிய நூல்கள், ஏறக்குறைய ஒன்றுமே திரும்பி வராது. “பாவு கட்டுன தெருவை நான்தான் ஞாபகம் வச்சுக்கணும், இது வச்சுக்காது” என்று சிரித்தார் பெரியவர். பள்ளமும் கிணறும் இதற்குத் தெரியாது. அதற்கு வெறும் குச்சி நுனிதான்.

ஆகவே இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் நீளும் கருவேலங்கிளையை ஆள் உயரத்துக்கு மேல் வெட்டிவிடுங்கள். பாவு நீட்டும்போது இரு முனையிலும் நெஞ்சுயரத்துக்கு ஒரு பலகையை நிமிர்த்தி வையுங்கள். பலகையைக் குச்சி எளிதில் தவறவிடாது.