பன்னிரண்டு கிலோமீட்டர், ஆறு மணி நேரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன தூரம்? பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கி சில்லறையைச் சரிபார்ப்பதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தப் பயிற்சி வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு எல்லோரும் ஒரே குரலில் "அரை மணி நேரம் சார்" என்றோம்.

வீட்டிலேயே சிறிய அளவில் கேட்டரிங் செய்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்தும் 'ஃபாஸ்டாக்' சான்றிதழுக்காக அந்த வகுப்புக்குப் போனேன். (டோல்கேட்டில் பணம் பிடிப்பது வேறு. என் வீட்டுக்காரர் "நம்மகிட்டதான் கார் இல்லையே" என்று கேட்டார்.) ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். காதணி விழா, முந்நூறு இலை, ஆட்டுக்கறிக் குழம்போடு மதியச் சாப்பாடு. சமையல் ராஜபாளையத்தில், மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில். "சாப்பாடு எவ்வளவு நேரம் வழியில் இருக்கும்?" என்பதுதான் கேள்வி.

எங்கள் பதிலை அவர் மறுக்கவில்லை. அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போனார். குழம்பு எத்தனை மணிக்கு இறங்கும்? மாஸ்டருக்கு அன்றைக்கே இன்னொரு வேலை இருக்கும், ஒன்பதுக்கு இறக்கிவிடுவார். குட்டியானை எத்தனை மணிக்கு வரும்? பத்தரை. மண்டபத்தில் இறக்கி வைக்கும்போது பதினொன்றேகால். முதல் பந்தி? பத்திரிகையில் பன்னிரண்டு, நடப்பது பன்னிரண்டரை. கடைசிப் பந்தி முடிய மூன்று. ஒன்பதிலிருந்து மூன்று வரை ஆறு மணி நேரம். சாலையில் போனது அதில் முக்கால் மணி நேரம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பு.

சூடான உணவை வண்டியில் கொண்டு போகும்போது 65 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிறது ஆணையத்தின் கேட்டரிங் சோதனைப் பட்டியல். நம் ஊர்க் கல்யாணங்களில் அந்த இரண்டு மணி நேரம் வண்டி வருவதற்குள்ளேயே கரைந்துவிடுகிறது.

"கொதிக்கக் கொதிக்க இறக்கினதுல கிருமி எப்படி சார் இருக்கும்?" என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டார். என் சந்தேகமும் அதுதான். கறியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் பெயர் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். அது விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு உறங்கக்கூடியது. கொதியில் மற்றதெல்லாம் சாகும், இந்த விதை பிழைத்துக் கிடக்கும். கொதிக்கும்போது குழம்பில் கரைந்திருக்கும் காற்றும் வெளியேறிவிடுகிறது. காற்று இல்லாத இடம்தான் இதற்குப் பிடிக்கும். சூடு 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அதனால் வளர முடியாது. அதற்குக் கீழே இறங்க இறங்க விழித்துக்கொள்ளும். 45 டிகிரி வாக்கில், அதாவது கை பொறுக்கும் இளஞ்சூட்டில், சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மூன்று மணி நேரத்தில் ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டுகிறது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது.

இதில் மோசமான விஷயம், வாசனையும் ருசியும் மாறாது. மூக்கை நம்பித்தான் நம் சமையலறைகள் ஓடுகின்றன. இங்கே மூக்கு உதவாது. சாப்பிட்டவருக்கு வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வர ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை ஆகும். அதற்குள் மண்டபத்தைக் கழுவி விட்டிருப்பார்கள். பெரும்பாலும் வாந்தியோ காய்ச்சலோ இருக்காது, ஒரு நாளில் தானாக அடங்கிவிடும். அதனால் "வெயில் ஒத்துக்கலை" என்று போய்விடுகிறது. முந்நூறு பேரில் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள், அவர்களுக்குத்தான் இது ஆபத்து. அமெரிக்காவிலும் இந்தக் கிருமியின் தொல்லை நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான் அதிகமாம். அங்கே அது விருந்து சீசன். வான்கோழியை மொத்தமாகச் சமைத்து வைத்துவிட்டு உறவுக்காரர்களுக்காகக் காத்திருப்பார்கள் போலும்.

வகுப்பு முடிந்ததும் குச்சி போன்ற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். நொறுக்கிய ஐஸில் தண்ணீர் விட்டு அதில் நுழைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும், அதுதான் அதற்குப் பரீட்சை. குழம்பைக் கிளறிவிட்டு நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் பொய் சொல்லும்.

அடுத்து வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் விசேஷத்தில் அதை வைத்து அளந்துகொண்டே இருந்தேன். விளிம்புவரை நிரப்பி மூடிய அண்டா, இரண்டு மணி நேரம் கழித்தும் 80 டிகிரிக்கு மேலேயே இருந்தது. ராஜபாளையம் சாலை அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பாதி காலியாகி, மூடி திறந்தபடி, கரண்டி போட்டுக் கிடந்த அண்டா ஒரு மணி நேரத்தில் 60-க்குக் கீழே போய்விட்டது. மாஸ்டர் அதை உடனே அடுப்பில் ஏற்றித் தளதளவென்று கொதிக்க வைத்தார். அப்போதுதான் இறங்கியது என்று தெரிந்திருந்ததால் அது போதும். எப்போது இறங்கியது என்றே தெரியாவிட்டால் கொட்டுவதைத் தவிர வழியில்லை. சோறு இன்னும் பொல்லாதது. இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்த சோற்றில் வேறொரு கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

அதற்கப்புறம் ஏற்பாட்டையே மாற்றினேன். ஒரு பெரிய அண்டாவுக்குப் பதில் மூன்று நடுத்தர அண்டா, ஒவ்வொன்றும் நிறைய. பந்திக்கு ஒன்றாகத் திறப்போம். பழையதன் மேல் புதியதை ஊற்றுவதில்லை. மூன்றாவது அண்டா மண்டபத்தில் சிறு தீயில் இருக்கும். கறியைக் காலையில் இங்கே வேகவைத்தாலும், குழம்பின் கடைசிக் கொதி வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான். மூன்றாம் பந்திக்கான சோற்றை அங்கேயே வடிக்கிறோம். தயிர்சாதத்துக்குத் தயிரும் சோறும் தனித்தனியாகப் போகும். ஒரு கேஸ் சிலிண்டரும் ஓர் ஆளும் கூடுதல் செலவு, அதை விலைப்பட்டியலில் தனியாகவே எழுதிவிடுகிறேன். இறக்கிய நேரத்தை மூடியில் சாக்பீஸால் எழுதச் சொன்னபோது மாஸ்டர், "அக்கா, இது சாப்பாடா, ரயிலா?" என்றார். ஆனாலும் எழுதுகிறார்.

பந்தி முடிந்ததும் பொட்டலம் பிரச்சினை வந்தது. மிச்சக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி, சாத்தூர் போகும் சம்பந்திக்குக் கொடுக்கச் சொன்னார் அந்த வீட்டுப் பாட்டி. முடியாது என்றேன். "ஏன்மா, எங்க காசுல ஆக்குனதுதானே? வெறுங்கையோட அனுப்பவா?" பாட்டி குரலை உயர்த்த, கூட்டம் திரும்பிப் பார்த்தது. மிச்சப் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. வாளியில் ஊற்றி மூடிய குழம்பு பஸ்ஸில் மெல்ல மெல்ல ஆறும், ராத்திரி அதை லேசாகச் சுடவைத்துச் சாப்பிடுவார்கள். நான் பயந்தது அதற்குத்தான். சூடே வேண்டும், இல்லாவிட்டால் சட்டென்று ஆற வேண்டும்: அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கு, அடுத்த இரண்டில் 5-க்கு. மண்டபத்தில் ஃப்ரிட்ஜுக்கு எங்கே போவது?

கடைசியில் பால்கோவா காப்பாற்றியது. பக்கத்துக் கடையிலிருந்து என் செலவில் இரண்டு கிலோ வாங்கிவரச் செய்தேன். பாயசமும் பால்தான், பால்கோவாவும் பால்தான். ஆனால் தண்ணீர் வற்றச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையும் ஏறியதில் கிருமிக்கு அங்கே குடிக்கத் தண்ணீர் கிடைக்காது; பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் தாங்கும். பாட்டி பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.