"மன்னிக்கவும், அதை விட்டுவிடுங்கள்" என்று ஒருவர் எழுதினால்



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி நிகழும் ஒன்று. பொருளற்ற எழுத்துகளாக ஒரு வரி வரும். சற்று நேரத்தில், "மன்னிக்கவும், போன் பேரன் கையில் இருந்தது" என்றோ, "வேறு குழுவுக்கு அனுப்ப வேண்டியது, விட்டுவிடுங்கள்" என்றோ மற்றொரு வரி தொடரும். பெரும்பாலும் நாம் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது போதுமான இடங்கள் உண்டு. போதாத இடங்களும் உண்டு.

தவளக்குப்பத்தில் இருக்கும் எங்கள் குடும்பங்களுக்குக் கடலூரிலும் காரைக்காலிலும் பாரிஸிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே குழுவில் இருக்கிறோம். கடலூரில் பெரியம்மா ஒருவர் வஃபாத்தான அன்று காலையில், "அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம்" என்று அவருடைய மகன் அறிவித்தார். அடுத்து, சட்டைப்பையில் இருந்த போன் தானாக அழுந்தி, எழுத்துகளுக்கு நடுவே 430 என்ற எண்ணுடன் ஒரு வரி போய்விட்டது. உடனே அவர், "மன்னிக்கவும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்" என்று எழுதினார்.

'அதை' என்றால் எதை? சிலர் அடக்க நேரமே திரும்பப் பெறப்பட்டதாக எண்ணினர். வேறு சிலர் நேரம் நாலரை மணிக்கு மாறியிருக்குமோ என்று ஐயுற்றனர். பாரிஸில் இருப்பவர்கள் கண்விழித்தபோது மூன்று வரிகளும் ஒன்றாகவே அவர்கள் கண்ணில் பட்டன. அதற்குள் "பரவாயில்லை" என்று பலர் எழுதிவிட்டனர். ஆனால் புறப்பட வேண்டிய நேரம் யாருக்கும் தெளிவாகவில்லை.

குழப்பத்தைத் தீர்த்தது ஒரு லாத்தா எழுதிய பதில். "பரவாயில்லை தம்பி. எண் கலந்த அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறோம். அஸருக்குப் பின் அடக்கம் என்பதில் மாற்றம் இல்லையே?" என்று அவர் கேட்டார். "மாற்றமில்லை லாத்தா" என்று பதில் வந்தது. லுஹர் தொழுததும் இங்கிருந்து வேன் புறப்பட்டது.

அந்தப் பதிலில் மூன்று செயல்கள் இருக்கின்றன. மன்னிப்பை ஏற்கிறது, விடப்பட்டது எது என்று பெயரிடுகிறது, நிலைத்திருப்பது எது என்று உறுதி கேட்கிறது. பிழையான வரிக்கு முன்னால் நேரம், தொகை, முகவரி, மருந்தின் அளவு போன்ற ஏதேனும் வந்திருந்தால் இந்த மூன்றும் தேவை. குறிப்பிட்ட செய்தியை விரலால் இழுத்து, அதற்கே பதிலாக எழுதினால் 'அது' எது என்பதில் ஐயமே எழாது.

முன்னால் எதுவும் இல்லை, வந்தது வெறும் எழுத்துக் குவியல் என்றால், ஒருவர் "பரவாயில்லை" என்று சொன்னாலே போதும். நாற்பது பேர் அதையே திரும்ப எழுதுவதும், "என்ன எழுத வந்தீர்கள்?" என்று துருவுவதும் அனுப்பியவரின் சங்கடத்தையே நீட்டும். தொழுகையில் இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் "சுப்ஹானல்லாஹ்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த அளவே இங்கும் அழகு.

இடம் மாறி வந்தது தெளிவாக வாசிக்கத்தக்க அந்தரங்கச் செய்தி என்றால் நிலைமை வேறு. ஒரு பெண்ணின் சம்பந்தப் பேச்சாகவோ, ஒருவருடைய மருத்துவப் பரிசோதனை முடிவாகவோ அது இருக்கலாம். வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி 2017 முதல் இருக்கிறது. ஆனாலும் செய்தி நீக்கப்பட்டதற்கான அடையாளம் அங்கே நிற்கும். அதற்குள் ஒருவர் படித்திருந்தாலோ, வேறிடத்துக்கு அனுப்பியிருந்தாலோ, அதைத் திரும்பப் பெற முடியாது. எனவே படித்துவிட்டு, "படிக்கவில்லை" என்று ஆறுதலுக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. "கண்ணில் பட்டது. அழித்துவிட்டேன். என்னோடு நிற்கும்" என்று தனியாக எழுதலாம். சொன்னபடி அழித்தும்விட வேண்டும். நம்மை நாடி வராத செய்தியானாலும், கைக்கு வந்தபின் அது அமானிதமே.

ஓர் இடத்தில் மட்டும் பதிலே எழுதக் கூடாது. "மன்னிக்கவும், என்னுடைய ஆறு இலக்க எண் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்" என்று வருவது, நம் கணக்கைக் கைப்பற்றும் மோசடியாக இருக்கலாம். உண்மையில் அது நம்முடைய கணக்கைத் திறப்பதற்கான எண். தெரிந்தவர் பெயரில் வந்தாலும் நம்பிவிட முடியாது. அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். நாமே அவரைத் தொலைபேசியில் அழைத்து, குரலைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். அழைத்தவர் அவரே ஆனாலும் அந்த எண்ணை மட்டும் சொல்லக் கூடாது. தவறி அனுப்பியவர் கேட்பது "விட்டுவிடுங்கள்" என்பதை மட்டுமே. "அனுப்புங்கள்" என்று கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.