அரை மணி நேரத் தண்ணீர்

எங்கள் அடுக்ககத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் அக்கா அன்று எதிர்வீட்டில் சிங்க் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். அடைப்பு நீக்கும் திரவத்தின் மேல் வெந்நீரை ஊற்றியதும் அது பொங்கி அவருடைய வலது கண்ணில் தெறித்தது. அலறல் கேட்டு ஓடினேன்.

குளியலறையில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் சாய்த்தேன். அப்போதுதான் கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகாது. இமைகள் தாமாகவே இறுக மூடிக்கொண்டன. இரண்டு விரலால் அவற்றை விரித்துப் பிடித்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெல்ல ஊற்றினேன். மேலே, கீழே, இரு பக்கமும் பார்க்கச் சொன்னேன்.

நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. "போதும்மா, எரிச்சல் அடங்கிருச்சு. இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு" என்று எழப் பார்த்தார். தாமதமானால் பேச்சு கேட்க வேண்டும், சம்பளத்தில் பிடிப்பார்கள். தாய்ப்பால் விட்டால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். எலுமிச்சைச் சாறு காரத்தை முறிக்கும் என்றார் இன்னொருவர். இரண்டையுமே கண்ணில் விடக்கூடாது. தேவை தண்ணீர் மட்டும்தான்.

பாட்டிலில் சோடியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தது. காஸ்டிக் சோடா. கழிப்பறை ஆசிட் கண்ணின் மேற்பரப்பை வேகவைத்ததுபோல் கெட்டியாக்கிவிடும். அந்தக் கெட்டிப் படலமே அது மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியல்ல. சோப்பு காய்ச்சும்போது எண்ணெயைக் கரைப்பதுபோலத் திசுவின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். எரிச்சல் குறைந்த பிறகும் அது வேலை செய்துகொண்டிருக்கலாம். மோசமான காயத்தில் நரம்பே மரத்துப்போவதால், வலி இல்லாததை நம்ப முடியாது. "கடிகாரத்தைப் பாத்துதான் நிறுத்தணும்க்கா" என்றேன். முப்பது நிமிடம் ஊற்றிய பிறகே ஆட்டோ பிடித்தோம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டோம்.

மருத்துவர் கீழிமைக்குள் ஒரு சோதனைத் தாளை வைத்துப் பார்த்தார். கண்ணீரின் இயல்பான அளவு ஏழை ஒட்டி இருக்க வேண்டும். எட்டு காட்டியது. முப்பது நிமிடம் கழுவியும் காரம் மிச்சமிருந்தது. மேலிமையைப் புரட்டித் துடைத்து, சலைன் விட்டு மறுபடி கழுவினார்கள். அளவு இறங்கியது. சில நிமிடம் காத்திருந்து மீண்டும் சோதித்தார்கள். ஒளிந்திருக்கும் காரம் பிறகும் கசியுமாம்.

பிறகு மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தபோது, காயம்பட்ட இடம் பச்சையாக ஒளிர்ந்தது. கருவிழியைச் சுற்றிக் கண் சிவந்திருந்தது. அது ஆறுதலான அறிகுறி என்றார் மருத்துவர். வெளிறிப்போயிருந்தால் ரத்த ஓட்டமே நின்றிருக்கும்.

மருந்து, மறுநாள் பரிசோதனை, நான்கு நாள் ஓய்வு. அந்த நான்கு நாள் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று எல்லா வீடுகளிலும் கேட்டேன். மூன்று வீடுகள் சம்மதித்தன. சிங்க் அடைத்துக்கொண்ட வீடு சம்மதிக்கவில்லை.