இருவர் வாசித்த நாற்பது சி.வி.

ஒரே சி.வி.யை இரண்டு பேர் வாசித்து, ஒருவர் "கூப்பிடலாம்" என்றும் மற்றவர் "வேண்டாம்" என்றும் எழுதினால் என்ன செய்வது? கம்பஸ் முடிகிற தறுவாயில் நிற்கும் எங்களுக்கு இது சும்மா கேள்வி இல்லை. எங்கட சி.வி. யாருடைய மேசைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் நேர்முகத்தேர்வுக்கு அழைப்பு வருமென்றால், அதைத் தெரிவு என்று சொல்லேலாது. சீட்டுக் குலுக்கல் என்றுதான் சொல்லவேணும்.

போன விடுமுறையில், ஒரு சிறிய அமைப்பு கிராமங்களில் வீடுவீடாகப் போய்த் தகவல் திரட்ட ஆட்களை எடுத்தது. வந்தவை 40 சி.வி. அமைப்பில் இரண்டு பேர் எல்லாவற்றையும் தனித்தனியாக வாசித்து, ஆளுக்குப் பத்துப் பேரைத் தெரிவு செய்திருந்தார்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லை. எங்கே பிசகுகிறது என்று பார்த்துத் தரச்சொல்லி எங்களிடம் கேட்டார்கள்.

முதலில் எண்ணிப் பார்த்தோம். இருவரும் எடுத்தவர்கள் 4 பேர். இருவரும் விட்டவர்கள் 24 பேர். ஒருவர் எடுத்து மற்றவர் விட்டவர்கள் இரண்டு பக்கமும் ஆறு ஆறாக 12 பேர். அதாவது 40 இல் 28 பொருந்துகிறது, 70 வீதம். "அட, நல்லாத்தானே கிடக்கு" என்றுதான் எங்களுக்கும் தோன்றியது.

ஆனால் இருவரும் சி.வி.யைத் திறக்காமலே, கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பத்தாக எடுத்திருந்தால்? ஒருவர் எடுத்த பத்தில் கால்வாசி, சராசரியாக 2.5, மற்றவரின் பத்திலும் விழும். அவர் விட்ட முப்பதில் முக்கால்வாசி, 22.5, மற்றவரும் விட்டதாக இருக்கும். மொத்தம் 25. வாசிக்காமலே 25 பொருந்தும்; இவர்கள் வாசித்துப் பொருந்தியது 28. தற்செயலுக்கு மேலே ஏற இருந்த இடம் 15, ஏறியது 3. மூன்றைப் பதினைந்தால் வகுத்தால் 0.2. இதைத்தான் கோஹனின் கப்பா என்கிறார்கள். ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் 1960 இல் முன்வைத்த கணக்கு இது. 1 என்றால் முழு உடன்பாடு, 0 என்றால் தற்செயல் அளவுதான். விடப்படுகிறவர்கள் கூடுதலாக இருக்கிற எந்தத் தெரிவிலும் வெறும் வீதம் இப்படித்தான் ஏமாற்றும்.

கப்பா பிசகு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஆளுக்குப் பத்து என்று கணக்குக் கொடுத்திருந்தபடியால், ஒருவர் கறார், மற்றவர் தாராளம் என்ற காரணம் இங்கே எடுபடாது. இருவரும் வேறு வேறு விஷயங்களைத் தேடியிருக்க வேண்டும். எனவே அந்த 12 சி.வி.யையும் எடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் காரணம் எழுதித் தரச்சொன்னோம். ஏழில் சிக்கல் "அனுபவம்" என்ற ஒரு சொல்தான். ஒரு பிள்ளை மூன்று வருஷம் ஊரில் மாலை வகுப்பு எடுத்திருக்கிறார், சம்பளமில்லாமல். ஒருவர் அதை அனுபவம் என்று எடுத்தார். மற்றவர் "அனுபவம் இல்லை" என்று எழுதியிருந்தார். இரண்டு பேருமே கவனமாகத்தான் வாசித்திருக்கிறார்கள். படிவத்தில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் ஆட்களை மாற்றவில்லை, படிவத்தைத்தான் மாற்றினோம். "அனுபவம்" என்ற இடத்தில் "முன்பின் தெரியாதவர்களுடன் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்கிறாரா? சம்பளம் கணக்கில்லை" என்று எழுதி, இரண்டு உதாரணங்களும் கொடுத்தோம். பிறகு புதிதாக வந்த 20 சி.வி.யை இருவரும் பேசிக்கொள்ளாமல் வாசித்து, ஆளுக்கு ஐந்து பேரை எடுத்தார்கள். பழையதையே திரும்பக் கொடுத்திருந்தால் முதல் முடிவு ஞாபகத்தில் நிற்கும். இந்தமுறை நான்கு பேர் இரண்டு பட்டியலிலும் இருந்தார்கள். பொருந்தியது 18, தற்செயலுக்கு 12.5. கப்பா 0.73. துள்ளிக் குதிக்க முதல் இன்னொன்றும் போட்டுப் பார்த்தோம்: நான்குக்குப் பதிலாக மூன்று பேர் பொருந்தியிருந்தால் கப்பா 0.47 ஆக விழுந்திருக்கும். 20 சி.வி.யில் ஒரே ஒரு ஆள் இவ்வளவு ஆட்டுவார். எனவே அடுத்தடுத்த தொகுதிகளிலும் அளந்துகொண்டே இருக்கச் சொன்னோம்.

இந்தக் கணக்கின் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. இருவருக்கும் ஒரே பாரபட்சம் இருந்தால் கப்பா அழகாக 1 என்று காட்டும். அமெரிக்காவில் பெர்ட்ராண்ட், முல்லைநாதன் என்ற இரு பொருளியலாளர்கள் பாஸ்டனிலும் சிகாகோவிலும் நடத்தி 2004 இல் வெளியிட்ட ஆய்வில், தரத்தில் ஒத்த சி.வி.க்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயர் இருந்தவற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழைப்பு வந்தது. அதைப் பிடிக்க வாசகர்களை ஒப்பிட்டால் போதாது, சி.வி.யில் ஒன்றை மாற்றி அனுப்பிப் பார்க்கவேணும். எங்கட ஊரில் பெயர் மட்டுமில்லை, பாடசாலையின் பெயரும் அதற்குப் போதும்.