நாற்பது டிகிரியில் பின்தங்கும் குண்டு

மின்விசிறியை அணைத்துவிட்டார்கள். காற்றடித்தால் நூல் வளைந்து வளைந்து சுற்ற ஆரம்பித்துவிடும் என்றார் ஆய்வக உதவியாளர். சுவரிலிருந்து நீட்டிய மரச்சட்டத்தில் பிளந்த கார்க்குகள் இரண்டு, அவற்றின் இடுக்கிலிருந்து இரண்டு நூல்கள், நுனியில் ஒரே அளவிலான பித்தளைக் குண்டுகள். கார்க்கின் அடிவிளிம்பிலிருந்து குண்டின் மையம் வரை சரியாக 100 சென்டிமீட்டர். மையத்தை வெளியிலிருந்து பார்க்க முடியாது என்பதால், குண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து அதில் பாதியை நூலின் நீளத்தோடு கூட்டுகிறார்கள்.

நான் பார்க்கப் போனது ஒரு பழைய விதியை. தனி ஊசல் சோதனைக்கு எழுதும் ரெக்கார்டு நோட்டு எதைப் புரட்டினாலும், குண்டைச் சிறிய கோணத்துக்கு மட்டும் இழுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். மீறினால் என்ன ஆகும், எவ்வளவு ஆகும் என்பதை மாணவர்கள் கேட்பதில்லை. "கேட்கிற பசங்களுக்குக் காட்டுறதுக்காகத்தான் ரெண்டாவது கார்க் வெச்சிருக்கேன்" என்றார் பேராசிரியை.

ஒரு குண்டை 5 டிகிரிக்கு இழுத்துப் பிடித்தார் உதவியாளர். செங்குத்துக் கோட்டிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர்கூட விலகவில்லை. மற்றதை ஒரு மாணவி 40 டிகிரிக்குக் கொண்டுபோனாள். அது அறுபது சென்டிமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய், மேசையின் விளிம்பையே தாண்டிவிட்டது. பேராசிரியை கைதட்டியதும் இருவரும் விட்டார்கள்.

முதல் சில அலைவுகளில் ஒன்றும் தெரியவில்லை. சின்ன வீச்சு ஊசல் நகர்ந்த மாதிரியே இல்லாமல் நகர்கிறது, பெரிய வீச்சு ஊசல் விசுக்விசுக்கென்று வீசுகிறது, ஆனாலும் நடுப்புள்ளியை இரண்டும் சேர்ந்தே கடக்கின்றன. கலிலியோ இதைப் பார்த்துத்தான், வீச்சு எதுவானாலும் ஊசலின் அலைவு நேரம் ஒன்றே என்று நம்பினார். ஐந்தாறு அலைவுகளுக்குப் பிறகு பெரிய வீச்சில் ஆடும் குண்டு நடுவைக் கடப்பது ஒரு கணம் தாமதமானது. பத்தாவதில் அந்தத் தாமதம் எல்லோர் கண்ணிலும் பட்டது. இருபதை நெருங்கும்போது ஒன்று இடப்பக்கம் போக மற்றது வலப்பக்கம் வந்தது. நேர் எதிர். அரை அலைவு முழுதாகத் தவறிவிட்டது.

"வீச்சு 40 டிகிரியிலயே நின்னிருந்தா பதினாறாவது அலைவுலயே எதிரெதிரா வந்திருக்கணும். காத்து இழுத்து வீச்சு குறைஞ்சுக்கிட்டே போகுது, அதான் தாமதம்" என்று சொல்லிக்கொண்டே பேராசிரியை கரும்பலகைக்குப் போனார்.

குண்டை நடுவுக்குத் திருப்பி இழுக்கும் விசை sin θ-வுக்கு ஏற்ப மாறும். θ-வுக்கு ஏற்ப மாறியிருந்தால் கணக்கு எளிது. தனிச்சீரிசை இயக்கம், அலைவு நேரம் 2π√(L/g), வீச்சைப் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே sin θ இருக்கும் இடத்தில் θ-வைப் போட்டுவிடுகிறோம். டெய்லர் தொடர் அந்த இடமாற்றத்தில் என்ன தொலைகிறது என்று காட்டும்:

sin θ = θ − θ³/6 + θ⁵/120 − …

கோணத்தை ரேடியனில் எழுத வேண்டும். 40 டிகிரி என்றால் 0.698. முதல் உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டால் sin 40° = 0.698. உண்மை மதிப்பு 0.643. விசையை எட்டரை சதவீதம் கூட்டிச் சொல்லியிருக்கிறோம். இரண்டாவது உறுப்பைக் கழித்தால் 0.641, மூன்றாவதைக் கூட்டினால் 0.643. உறுப்புகளின் குறிகள் மாறி மாறி வருவதாலும் அளவு சிறுத்துக்கொண்டே போவதாலும், எந்த இடத்தில் வெட்டினாலும் பிழை அடுத்து விட்டுப்போன உறுப்பைவிடப் பெரிதாகாது. θ-வோடு நிறுத்தினால் பிழை அதிகபட்சம் θ³/6; கோணத்தோடு ஒப்பிட்டால் θ²/6.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். விசையில் எட்டரை சதவீதம் தப்பு, ஆகவே நேரத்திலும் அவ்வளவு தப்பு என்று எழுதிவிடுகிறார்கள். மேசையில் நாங்கள் பார்த்தது அப்படியில்லை. எட்டரை சதவீதம் பின்தங்கியிருந்தால் ஆறாவது அலைவிலேயே குண்டுகள் எதிரெதிராகியிருக்கும்.

விசையில் உள்ள அந்தப் பிழை வீச்சின் கோடியில் மட்டும்தான். குண்டு கோடியிலேயே நிற்பதில்லை. எல்லாக் கோணங்களையும் கடக்கிறது, நடுவில் பிழை பூஜ்யம். பேராசிரியை θ-வின் இடத்தில் A cos ωt என்று போட்டு, θ³-ஐ விரித்தார். cos³ இரண்டாகப் பிரிகிறது: முக்கால் பங்கு அதே அதிர்வெண்ணில், கால் பங்கு மும்மடங்கு அதிர்வெண்ணில். அலைவு நேரத்தைத் தீர்மானிப்பது முக்கால் பங்குதான். ஆக 1/6 என்பது முக்காலால் பெருகி 1/8 ஆனது. விசை குறைந்தால் நேரம் அதே விகிதத்தில் கூடாது, வர்க்கமூலத்தில்தான் கூடும். அதனால் இன்னும் ஒரு பாதி. 1/16.

T = T₀ (1 + A²/16 + 11A⁴/3072 + …)

A என்பது ரேடியனில் வீச்சு, T₀ என்பது பாடப்புத்தகத்து 2π√(L/g). 40 டிகிரிக்கு A²/16 தருவது 3.05 சதவீதம், அடுத்த உறுப்பு 0.09. மொத்தம் 3.13 சதவீதம். 5 டிகிரிக்கு இது 0.05 கூட இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். அரை அலைவு தவற பதினாறு அலைவு வேண்டும் என்று அவர் சொன்னது இந்தக் கணக்கில் வந்ததுதான்.

அடுத்து போட்டோகேட்டை எடுத்து வைத்தார்கள். U வடிவக் கருவி; அதன் இரு கால்களுக்கிடையே ஓடும் ஒளிக்கற்றையைக் குண்டு வெட்டும்போது நேரம் பதிவாகும். நூலின் நேர்கீழே வைத்து, முதல் வெட்டிலிருந்து மூன்றாவது வெட்டு வரை எடுத்தால் ஒரு முழு அலைவு. 5 டிகிரியில் திரை காட்டியது 2.010 வினாடி. 20 டிகிரியில் 2.024. 60 டிகிரிக்கு இழுத்துவிட்டபோது 2.15, கணக்கு சொல்வது 2.156. இந்த இடத்தில் A²/16 மட்டும் போதாது. அது 6.85 சதவீதம் என்கிறது, உண்மை 7.32. இரண்டாவது உறுப்பையும் சேர்த்தால் 7.28 வரை வந்துவிடும். 90 டிகிரியில் நிலைமை இன்னும் மோசம்: முதல் உறுப்பு 15.4 என்று நிற்க, உண்மையான பிழை 18 சதவீதம். அவ்வளவு தூரத்துக்கு நூல் சரிப்படாது. கோடியில் இழுவிசை அறவே போய்விடுவதால் குண்டு துள்ளும். விறைப்பான தண்டில்தான் செய்து பார்க்க வேண்டும்.

பெரிய கோணங்களில் இருபது அலைவை எண்ணிச் சராசரி எடுக்கும் வழக்கமும் ஆகாது. அறுபதில் கிளம்பும் குண்டு இருபதாவது அலைவில் அறுபதில் இருக்காது. கிடைக்கும் சராசரி எந்தக் கோணத்துக்கு உரியது என்று யாரும் சொல்ல முடியாது. அளவு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்து, அடுத்தடுத்த அலைவுகளில் மேலும் குறைந்துகொண்டே போனால் காரணம் இதுதான்.

அப்படியென்றால் சிறிய கோணம் என்பதற்கு ஐந்து டிகிரி என்ற எல்லை எங்கிருந்து வந்தது? எனக்குப் பிடித்த பதில் அளவுகோலில் இருக்கிறது. ஒரு மீட்டர் நூலில் ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தால் அலைவு நேரத்தில் 0.05 சதவீதம் பிழை வரும். 5 டிகிரி வீச்சு தரும் பிழையும் ஏறக்குறைய அதுவே. மீட்டர் கோலை வைத்து நூலை அளப்பவர் ஒரு மில்லிமீட்டர் தவறுவது சகஜம். ஆகவே ஐந்துக்குள் இருந்தால் கோணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஸ்டாப்வாட்ச்சில் கட்டைவிரலை நம்பி எடுக்கிறவர் இன்னும் தாராளமாகவே இருக்கலாம். இருபது அலைவுக்கு 40 வினாடி. 10 டிகிரியில் கூடுவது அதில் 0.08 வினாடி. விரலின் தடுமாற்றமே அதைவிட அதிகம். 20 டிகிரியில் 0.3 வினாடி கூடும், அது விரலுக்கும் தெரிய ஆரம்பிக்கும்.

பக்கத்து மேசையில் ஒரு மாணவனின் நோட்டில் g = 9.63 என்று இருந்தது. அங்கே வரவேண்டியது 9.78. பேராசிரியை மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை, குண்டை எங்கிருந்து விட்டான் என்று மட்டும் கேட்டார். "இருவது டிகிரி இருக்கும் மேம்." g கணக்கில் T வர்க்கமாக வருவதால் பிழை இரட்டிப்பாகிறது, 20 டிகிரியில் ஒன்றரை சதவீதம், எப்போதும் குறைவான பக்கமே. 9.78-இலிருந்து ஒன்றரை சதவீதம் கழித்தால் அவனுடைய 9.63. திருத்தச் சொன்னதும் அவன் A²/16-இல் இருபதை அப்படியே போட்டான், 25 வந்தது. அலைவு நேரம் இருபத்தாறு மடங்கு. சிரிப்பு அடங்கியபின் ரேடியனுக்கு மாற்றினான்: 0.349, வர்க்கம் 0.122, பதினாறில் ஒரு பங்கு 0.0076. அளந்த நேரத்தை 1.0076-ஆல் வகுத்து மறுபடி கணக்கிட்டதும் 9.78 வந்து நின்றது. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கவில்லை. வீச்சை எழுதி வைத்திருந்தால் போதும், சின்னக் கோணம்தான் வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்பது என் கட்சி.

கடிகாரத்துக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. 4 டிகிரி வீச்சில் ஆடும் ஊசல் கடிகாரம் A²/16 காரணமாக நாளொன்றுக்கு 26 வினாடி பின்தங்கும். அது நிலையாக இருந்தால் தொல்லையில்லை; குண்டுக்குக் கீழே உள்ள மரையைத் திருகி ஊசலின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்துச் சரிசெய்துவிடலாம். எண்ணெய் கெட்டியாகி வீச்சு 3 டிகிரிக்கு இறங்கினால்தான் சிக்கல். அப்போது பின்தங்க வேண்டியது 15 வினாடிதான். நாம் 26-க்குத் திருகி வைத்திருப்பதால் கடிகாரம் தினமும் 11 வினாடி முந்தும். 1656-இல் முதல் ஊசல் கடிகாரத்தைச் செய்த ஹைகன்ஸுக்கு நிலைமை இதைவிடக் கடினம். அந்தக் காலத்து வெர்ஜ் அமைப்பு ஊசலை மிக அகலமாக ஆட்டியது. நூலின் இருபுறமும் வளைந்த தகடுகள் வைத்து, ஆடும்போது நூல் அவற்றில் படிந்து பயனுள்ள நீளம் குறையும்படி செய்தார். தகட்டின் வளைவு சைக்ளாய்டு. அப்போது குண்டு போகும் பாதையும் சைக்ளாய்டுதான், அதில் எல்லா வீச்சுக்கும் நேரம் துல்லியமாக ஒன்றே. 1673-இல் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். ஆனால் கடிகாரக்காரர்கள் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. நங்கூர வடிவ எஸ்கேப்மென்ட் வந்ததும் ஊசலைச் சில டிகிரிக்குள்ளேயே ஆட்ட முடிந்தது. வளைந்த தகடுகளைக் கழற்றிவிட்டார்கள்.