சாய்த்து விரித்த பாய்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில், அத்திப்பட்டு பக்கம் ஒரு முட்டுச்சந்துக்குள் இருக்கிறது அந்த வெல்டிங் பட்டறை. சிங்கப்பூர், வளைகுடா என்று கிளம்பும் பையன்களுக்கு அங்கே குழாய் வெல்டிங் சொல்லித் தருகிறார்கள். தகரத் தடுப்புகளுக்குள் ஆறு அங்குல இரும்புக் குழாய்கள், தரைக்கு 45 டிகிரி சாய்வில் ஸ்டாண்டில் இறுக்கப்பட்டு நிற்கின்றன. இதைத்தான் 6ஜி என்கிறார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி நின்றும் குனிந்தும் மண்டியிட்டும் ஒரு முழு வட்டத்தை முடிக்க வேண்டும்.

சொல்லிக்கொடுப்பவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பையன்கள் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். நான் ‘பாய்’ என்றேன். கீழக்கரை பக்கத்துக்காரர். சிங்கப்பூரில் பல வருடம் ஷிப்யார்டு வேலை பார்த்துவிட்டு, 2021இல் ஊர் திரும்பி அம்பத்தூரில் தங்கிவிட்டார்.

குழாய் முனைகள் இரண்டையும் சாய்வாகச் சீவி, நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நாலு இடத்தில் டேக் அடித்திருந்தார்கள். முதல் சுற்றான ரூட்டை ஆர்கானில் போட வேண்டும். ஆர்க் பட்டதும் இடைவெளியின் விளிம்பு உருகிச் சாவித்துவாரம் மாதிரி திறக்கும்; அது மூடிவிடாமலும் பெரிதாகிவிடாமலும் கம்பியை ஊட்டியபடி நகர வேண்டும். பெரும்பாலும் தவறுவது அடிப்பக்கத்தில். கடிகார முள் கணக்கில் அதை ‘ஆறு மணி’ என்கிறார்கள். அங்கே உருகிய இரும்பு தன் எடையால் கீழே தொய்ய, குழாயின் உள்பக்கம் குழி விழுந்துவிடுகிறது. வெளியே எவ்வளவு அழகாகக் கேப்பிங் போட்டாலும் எக்ஸ்ரேயில் மாட்டிக்கொள்ளும். பாய் ஒரு பையன் முடித்த குழாய்க்குள் டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். மேலே சீரான தழும்பு. அடியில் விரல் நீளத்துக்குப் பள்ளம்.

“ரூட்டை அறுத்துட்டு மறுபடி போடு தம்பி. மேல பூசி மறைக்காதே.”

தடுப்புக்குள் மின்விசிறி கிடையாது. காற்று ஆர்கானைக் கலைத்தால் வெல்டு முழுக்க ஊசித் துளைகள் விழும். சித்திரை வெயிலில் தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையுமாக அவர்கள் நிற்பதைப் பார்க்கவே எனக்கு மூச்சு முட்டியது.

டீ நேரத்தில், சிங்கப்பூர் போனால் தங்கும் இடம் எப்படி இருக்கும் என்று ஒரு பையன் கேட்டான். அதற்குப் பதிலாகத்தான் ஒரு அறையின் கதை வந்தது.

2012இல் பாய் போய் இறங்கியது துவாஸ் பக்கம் ஒரு விடுதி. அறைக்குப் பதினாறு பேர், இரண்டடுக்குக் கட்டில்கள். கட்டில்களுக்கு நடுவே பெட்டி, செருப்பு, அரிசி மூட்டை. ஸஜ்தாவுக்கு நெற்றி வைக்கத் தரை கிடையாது. மேல்கட்டிலில் உட்கார்ந்தபடியே, சூரியன் இறங்கும் ஜன்னலைப் பார்த்துச் சில வாரம் தொழுதாராம். ஒருநாள் ஓவர்டைம் முடிந்து இரவு பதினொரு மணிக்குத் துணி துவைக்கப் போனவர், துவைக்கும் இடத்தை ஒட்டிய ஒரு கதவுக்கு வெளியே பதினைந்து இருபது ஜோடி சேஃப்டி ஷூ கிடந்ததைப் பார்த்தார். ஏதோ தகராறு, கூட்டம் கூடியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். திறந்து பார்த்தால் பன்னிரண்டுக்குப் பதினைந்து அடியில் ஒரு தொழுகை அறை. வேலைக்கு வந்தவர்களே கேட்டு வாங்கி ஒதுக்கவைத்தது.

“எல்லாப் பாயும் கோணலா கெடந்துச்சு. ஃபிட்டப் பண்ற கண்ணு சும்மா இருக்குமா? சுவத்தோட சேத்து நேரா இழுத்துப் போடப் போனேன். சாரம் கட்டுற வங்காளி ஒருத்தர் கையைப் புடிச்சிட்டாரு.”

கோணல் இல்லை, அதுதான் கிப்லா. சிங்கப்பூரிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 டிகிரி வடக்கே தள்ளி இருக்கிறது. (சென்னையிலிருந்தும் அப்படித்தான், சுமார் 18 டிகிரி.) அறையின் நீளச் சுவர் கிழக்கு மேற்காக ஓடியதால் பாய்கள் சுவரை வெட்டிக்கொண்டு சாய்வாகக் கிடந்தன. பிறகு புதுக் கம்பளம் வந்தபோது கோடு போட்டுக் கொடுத்தவர் பாய்தான். சுவரோரம் மேற்கே 100 சென்டிமீட்டர் அளந்து, அங்கிருந்து செங்குத்தாக வடக்கே 42 சென்டிமீட்டர் தள்ளிப் புள்ளி வைத்து, அளக்கத் தொடங்கிய இடத்தையும் அந்தப் புள்ளியையும் சுண்ணாம்பு நூலால் இணைத்தால் திசை வந்துவிடும். பட்டறையில் குழாய்க்குச் சாய்வு குறிக்கும் அதே கணக்கு. மூலைகளில் மிஞ்சிய முக்கோணங்களில் குர்ஆன் அலமாரியும் துடைப்பமும் நின்றன.

அங்கே பஜ்ர் நேரம் வருடம் முழுக்க ஏறத்தாழ ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவிலேயே வரும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் சுமார் அரை மணிதான் மாறும். ஆறரைக்கு வேலைத்தளத்துக்கு லாரி. அதற்குள் இரண்டு ஜமாஅத்தாகத் தொழுது முடிக்க வேண்டும். அறை ஒரு தடவைக்கு இருபது பேரைத்தான் தாங்கும். ஒளு செய்வதிலும் தொழில் குறுக்கே வந்தது. குழாய்க்கு அடிக்கும் செம்மண் நிறப் பிரைமர் நகக்கண்ணில் படலமாக ஒட்டிக்கொள்ளும். கறை இருந்தால் குற்றமில்லை, படலம் இருந்தால் தண்ணீர் தோலைத் தொடாது, ஒளு கூடாது. முந்தின இரவே தின்னர் நனைத்த துணியால் தேய்த்துவிட்டுப் படுப்பாராம். அந்த எரிச்சலைச் சொல்லும்போது விரல்களைத் தன்னையறியாமல் உரசிக்கொண்டார்.

வங்காளிகள் ஹனஃபி மத்ஹபு, பாய் ஷாஃபி. பஜ்ர் தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் ஷாஃபிகள் கையேந்திக் குனூத் ஓதுவார்கள். ஹனஃபிகள் ஓத மாட்டார்கள். சாரம் கட்டுபவர் இமாமாக நின்றால் குனூத் இல்லை. பாயை முன்னே நிறுத்தினால் இவர் ஓதுவார். பின்வரிசை கையைத் தொங்கவிட்டு, பேசாமல் முடியும்வரை நிற்கும். இதைப் பற்றி அங்கே ஒருநாளும் வாக்குவாதம் வந்ததில்லை என்றார். லாரி வந்துவிடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

2020 ஏப்ரலில் கொரோனாவால் விடுதிகளை அடைத்தபோது அந்த அறையையும் பூட்டிவிட்டார்கள். அந்த நோன்பு முழுக்க மறுபடியும் மேல்கட்டில். ஆனால் இந்தத் தடவை திசை தெரியும். கட்டில் சட்டத்தில் மார்க்கரால் கோடு இழுத்துவைத்திருந்தார்.

கேட்டுக்கொண்டிருந்த பையன் திருவண்ணாமலைப் பக்கம். “எங்களுக்கு ஏதாவது ரூம் இருக்குமா மாஸ்டர்?”

“நான் இருந்த எடத்துல இல்லப்பா. உங்க ஆளுங்க கட்டில் தலைமாட்டுல படம் ஒட்டி வெச்சிருப்பாங்க. ஊதுவத்தி கொளுத்த விட மாட்டாங்க, நெருப்புப் பயம். ஞாயித்துக்கெழம லீவு கெடச்சா சிராங்கூன் ரோட்டுல வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போயிட்டு, அங்கயே சாப்பிட்டுட்டு வருவாங்க. லீவு கெடச்சா.”

பையன் தலையாட்டிவிட்டு டீ கிளாஸை வைத்தான். பாய் அவனிடம் கிரைண்டரை நீட்டி, ஆறு மணிப் பள்ளத்தை முதலில் திறக்கச் சொன்னார்.